தர்க்கத்தில் விருத்தம் ஏன் தனி வகை? எதிராளிக்கே உதவிவிடும் ஏது பற்றி ஒரு சந்தேகம்

தேன்கூடு (இழையைத் தொடங்கியவர்)

மணிமேகலையின் 29ஆம் காதையை மெதுவாக வாசித்து வருகிறேன். கதை ஓடிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நூல் பாடம், அதாவது தர்க்கப் பாடம், நடத்த ஆரம்பித்துவிடுகிறார். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் முன்பு அப்படித்தான்.

ஏது என்றால் வாதத்துக்குக் காட்டும் காரணம். தவறான காரணமான ஏதுப்போலியை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். முதலாவது புரிகிறது. சொன்ன காரணமே அந்தப் பொருளில் இல்லை. இரண்டாவதும் புரிகிறது. காரணம் இருக்கிறது, ஆனால் அது இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். மூன்றாவதில்தான் சிக்கல். "சத்தம் நித்தம், பண்ணப்படுவதால்" என்பது உதாரணம். நித்தம் என்றால் அழியாதது. பண்ணப்படுவதெல்லாம் அழியும் என்பதால் இது விருத்தம் என்கிறார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். தப்பான காரணம் தப்பான காரணம்தானே, இதற்கு எதற்குத் தனிப் பெயர்? இரண்டாவது, இவ்வளவு அப்பட்டமான தப்பை எந்த மனிதன் சபையில் சொல்லியிருப்பான்?

நடுக்கூடம்

இது சுலபம்தான். விருத்தம் என்றால் முரண். ஒருவர் தன் கொள்கையாக ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு அதற்கே எதிரான காரணத்தைக் கொண்டுவந்தால் அது விருத்தம். நியாய சூத்திரத்தில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது: சித்தாந்தத்தை ஏற்றுக்கொண்டு அதோடு மோதுவது விருத்தம். வாத்ஸ்யாயனர் அதற்கு உரை எழுதும்போது, உலகம் வெளிப்பட்ட நிலையிலிருந்து விலகுகிறது, ஏனென்றால் அது நித்தமில்லை என்பவர்களே, விலகிய பிறகும் அது இருக்கிறது, ஏனென்றால் அழிவில்லை என்றும் சொல்வதை உதாரணம் காட்டுவார். இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும்.

எதிராளி இன்னொரு காரணம் கொண்டுவந்து நம் முடிவுக்கு எதிரானதை நிறுவினாலும் அதே கதைதான். இரண்டு காரணமும் மோதிக்கொள்ளும். ஆக, முரண் வந்தால் விருத்தம்.

கூடத்துத்தூண்

நடுக்கூடம் சார் சொன்னதில் முதல் பாதி நியாய சூத்திரத்துக்குச் சரி. ஆனால் தேன்கூடு கேட்பது மணிமேகலையில் வரும் விருத்தம். அது பௌத்தர் வழியில் வந்தது. பெயர் ஒன்று, சோதிக்கும் முறை வேறு. பௌத்தர் முறையில் பேசுபவரின் கொள்கையைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. ஏதுவை மட்டும் பார்த்தால் போதும். பிற்கால நியாய நூல்களும் இந்தப் பக்கமே வந்துவிட்டன. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தில் விருத்தத்துக்கு இதே "சத்தம் நித்தம், பண்ணப்படுவதால்" என்ற உதாரணம்தான் இருக்கிறது.

இரண்டாம் பாதி சரியில்லை. எதிராளி வேறொரு காரணம் கொண்டுவந்து மோதினால் அதற்கு சத்பிரதிபட்சம் என்று பெயர். அங்கே காரணம் இரண்டு, ஆள் இரண்டு. விருத்தத்தில் காரணம் ஒன்றே ஒன்று. நீங்கள் கொண்டுவந்ததுதான். எதிராளி கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.

சரி, சோதனையைச் செய்து பார்ப்போம். சத்தத்தைத்தான் விவாதிக்கிறோம், அதனால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். மற்ற பொருள்களை இரண்டாகப் பிரியுங்கள். நித்தம் என்று இருவரும் ஒப்புக்கொள்பவை ஒரு பக்கம். ஆகாயம் போல. இது சபக்கம். அழிபவை மறுபக்கம். குடம், மின்னல் போல. இது விபக்கம். இப்போது "பண்ணப்படுதல்" எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சபக்கத்தில் ஒன்றில்கூட இல்லை. விபக்கத்தில் எல்லாவற்றிலும் இருக்கிறது.

பௌத்தத் தர்க்க ஆசிரியர் திக்நாகர் இதைத்தான் ஒன்பது கட்டமாகப் போட்டார். ஏது சபக்கத்தில் முழுக்க இருக்கலாம், சிலவற்றில் இருக்கலாம், எதிலுமே இல்லாமல் போகலாம். விபக்கத்திலும் அதே மூன்று. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. அதில் இரண்டு கட்டம் மட்டும் நல்ல ஏது. இரண்டு கட்டம் விருத்தம். மீதி ஐந்தும் முடிவு தராதவை. (திக்நாகர் காஞ்சிப் பக்கத்துக்காரர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. மணிமேகலை இந்தப் பாடத்தைக் கேட்பதும் காஞ்சியில்தான். இதை வைத்து நான் எதையும் நிறுவ வரவில்லை!)

கவனிக்க வேண்டியது அந்த இரண்டும் இரண்டும். முடிவை மட்டும் திருப்பிப் போடுங்கள்: "சத்தம் அநித்தம், பண்ணப்படுவதால்." சபக்கமும் விபக்கமும் இடம் மாறிக்கொள்கின்றன. விருத்தமாக இருந்த ஏது அப்படியே நல்ல ஏதுவின் கட்டத்தில் போய் உட்காருகிறது. மற்ற ஐந்தைத் திருப்பினால் மீண்டும் முடிவு தராத கட்டத்தில்தான் விழும். அதனால்தான் தனிப் பெயர். மற்ற போலிகளில் மாட்டினால் உங்கள் வாதம் நிற்கவில்லை என்று மட்டும் ஆகும். சத்தம் நித்தமா இல்லையா என்ற கேள்வி திறந்தே இருக்கும். விருத்தத்தில் மாட்டினால் கேள்வி முடிந்துவிடும், உங்களுக்கு எதிராக.

கறுப்புக்கோட்டு

நீதிமன்ற பாஷையில் சொன்னால், நாம் அழைத்து வந்த சாட்சி எதிர்த்தரப்புக்கு ஆதரவாகச் சொல்லிவிட்டுப் போவது. குறுக்கு விசாரணைகூடத் தேவையில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், அதைவிடக் கொடுமை கிடையாது.

தேன்கூடு

கட்டம் போட்ட பிறகு தெளிவாக இருக்கிறது, நன்றி. ஒரு சின்ன இடறல். விருத்தத்துக்கு இரண்டு கட்டம் என்கிறீர்கள். ஒன்றில் விபக்கம் முழுக்க ஏது இருக்கிறது. இன்னொன்றில் சிலவற்றில் மட்டும் இருக்குமா? அப்போது "சில" என்பதால் அது ஐயத்துக்கிடமான வகைக்குப் போய்விடாதா?

கூடத்துத்தூண்

போகாது. பலரும் சறுக்கும் இடம் இதுதான். "சத்தம் நித்தம், மனித முயற்சியால் தோன்றுவதால்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். குடம் முயற்சியால் தோன்றுகிறது. மின்னல் அப்படித் தோன்றவில்லை. இரண்டும் அழிபவை. ஆக, விபக்கத்தில் சிலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஆனால் நித்தமான எதிலும் இல்லை. முயற்சியால் தோன்றிய ஒரு பொருளைக் காட்டினால் அது அழிவது நிச்சயம். மின்னலில் அந்த ஏது இல்லாதது எதிராளிக்கு எந்தக் குறையும் இல்லை. புகையில்லாத நெருப்பு உண்டு என்பதால் புகை நெருப்பைக் காட்டாமல் போய்விடுமா?

ஆக, முதலில் பார்க்க வேண்டியது சபக்கம். அது காலியா? காலி என்றால் அடுத்து விபக்கத்தில் ஒரு இடமாவது இருக்கிறதா? இருந்தால் விருத்தம். இரண்டிலுமே இல்லையென்றால் அது வேறு. "சத்தம் நித்தம், காதால் கேட்கப்படுவதால்" என்பது போல. காதால் கேட்கப்படுவது சத்தம் மட்டும்தான், ஒப்பிட வெளியே ஆளில்லை. அது எதையும் நிறுவாது, எதிரானதையும் நிறுவாது.

பழைய_பத்திரம்

சார், என் வீட்டு விவகாரம் ஒன்று இதோடு பொருந்துகிறது போலிருக்கிறது. பங்காளி ஒருவர் ஒரு கிரயப் பத்திர நகலைக் காட்டி, 1940களில் எழுதியது என்கிறார். "பாருங்கள், நிலத்தை ஹெக்டேர் கணக்கில் எவ்வளவு துல்லியமாகக் குறித்திருக்கிறார்கள், அந்தக் காலத்து ஆட்கள் நேர்மையாக எழுதினதுக்கு இதுவே அத்தாட்சி" என்று வாதம். எங்கள் தாத்தா காலத்துப் பத்திரங்களில் நான் பார்த்ததெல்லாம் ஏக்கரும் சென்டும்தான். மெட்ரிக் அளவுக்கு நாட்டில் சட்டம் வந்ததே 1956இல். அப்படியானால் அவர் சொன்ன காரணமே அவர் பத்திரம் பிற்காலத்தது என்று காட்டுகிறதே. இது விருத்தம்தானே?

கூடத்துத்தூண்

வடிவம் அதேதான். 1940களின் பத்திரங்கள் சபக்கம். பின்னால் வந்தவை விபக்கம். ஹெக்டேர் முதல் கூட்டத்தில் எங்கும் இல்லை, இரண்டாவதில் சிலவற்றில் உண்டு என்றால், நான் மேலே சொன்ன மின்னல் கட்டம்தான். ஆனால் "எங்கும் இல்லை" என்பதை நீங்கள் எவ்வளவு தூரம் தேடிவிட்டுச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடலோரம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அண்ணா, நிலம் எந்த ஊர்? பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக் கொம்யூன்களில் மெட்ரிக் அளவு முன்பே உண்டு. பிரான்சின் முறைதானே அது. எங்கள் பக்கத்தில் 1956க்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பழைய_பத்திரம்

விழுப்புரம் பக்கம் தம்பி. எல்லைக்கு மிக அருகில்.

கடலோரம்

அப்படியானால் கிராமப் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அங்கே பிரெஞ்சு நிலமும் ஆங்கிலேயர் நிலமும் துண்டு துண்டாகக் கலந்து கிடந்தன. ஒரு கிராமம் அவர்களுடையது, பக்கத்துக் கிராமம் இவர்களுடையது.

கூடத்துத்தூண்

கடலோரம் செய்தது ரொம்ப முக்கியம். சபக்கத்தில் ஒரே ஒரு எடுத்துக்காட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான், விருத்தம் இறங்கி அநைகாந்திகம் ஆகிவிட்டது. ஹெக்டேர் 1940களின் பிரெஞ்சுப் பத்திரத்திலும் இருக்கலாம், 1970களின் பத்திரத்திலும் இருக்கலாம். பங்காளியின் காரணம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் இனி உங்களையும் காப்பாற்றாது. நிலம் ஆங்கிலேயர் கிராமத்தில் என்று உறுதியானால், ஏதுவை "ஆங்கிலேயர் கிராமத்து நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கு" என்று இறுக்கிச் சொல்லுங்கள். அப்போது சபக்கம் மீண்டும் காலியாகும்.

கறுப்புக்கோட்டு

அதோடு நகலை நம்பி வாதாடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துச் சான்றிட்ட நகல் எடுங்கள். தர்க்கம் அப்புறம்.

தேன்கூடு

பத்திரத்தை விட்டு வருகிறேன். என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. "சத்தம் நித்தம், பண்ணப்படுவதால்" என்று யார் சொன்னார்கள்? சத்தம் நித்தம் என்று வாதிட்டவர்கள் மீமாம்சகர்கள். அவர்கள் சத்தம் பண்ணப்படுவதில்லை, வெளிப்படுகிறது என்றல்லவா சொல்வார்கள்?

கூடத்துத்தூண்

ஆமாம், அவர்கள் வாயில் அந்த வாக்கியம் வராது. வந்தாலும் அவர்களுக்கு அது அசித்தம்தான், விருத்தம்வரை போகாது. ஏதுவே சத்தத்தில் இல்லை என்பார்கள். அது வகுப்பறை உதாரணம், அச்சைக் காட்டுவதற்காகச் செய்த பொம்மை. நிஜச் சண்டை மணிமேகலையில் அதற்கு அடுத்ததாக வருகிறது. என்னைக் கேட்டால் இந்தக் காதையில் நின்று படிக்க வேண்டிய இடம் அதுதான்.

சாங்கியர் வாதம்: கண் முதலிய இந்திரியங்கள் தமக்காக இல்லை, வேறொருவருக்காக இருக்கின்றன. ஏன்? பல சேர்ந்து தொக்கு நிற்பதால். படுக்கை, இருக்கை போல. கட்டில் தனக்காகக் கிடப்பதில்லை. கால், சட்டம், கயிறு எல்லாம் சேர்ந்து ஒருவன் படுப்பதற்காக இருக்கிறது. அப்படியே கண்ணும் காதும். அந்த "வேறொருவர்" யார்? புருடன், ஆன்மா. எதனாலும் சேர்த்துக் கட்டப்படாத தூய அறிவு. சாங்கிய காரிகையின் 17ஆம் பாட்டில் ஆன்மா உண்டு என்பதற்கு முதலில் வரும் காரணமே இதுதான். எந்த வகையிலும் முட்டாள்தனமான வாதம் இல்லை.

இப்போது பௌத்தர் என்ன செய்கிறார் பாருங்கள். ஏதுவையும் மறுக்கவில்லை, உதாரணத்தையும் மறுக்கவில்லை. "கட்டிலில் படுப்பது யார்?" என்று மட்டும் கேட்கிறார். உடம்பு. அந்த உடம்பு எலும்பும் தசையும் சேர்ந்து தொக்கு நிற்பது. நாற்காலியை, வீட்டை, குடையை எடுங்கள். எல்லாம் இப்படி ஒரு சேர்க்கையான உடம்புக்குத்தான் உதவுகின்றன. அப்படியானால் தொக்கு நிற்றல் என்ற ஏது நிறுவுவது என்ன? இந்திரியங்கள் வேறொருவருக்காக, அந்த வேறொருவரும் தொக்கு நிற்பவர். சாங்கியர் வேண்டியது தொக்கு நில்லாத ஆன்மா. கிடைத்தது அதற்கு நேர் எதிர். "பிறருக்காக" என்ற தன்மம், அதாவது நிறுவ வந்த தன்மை, தப்பிவிட்டது, அதன் உள்ளே மறைத்து வைத்திருந்த விசேடம் கவிழ்ந்துவிட்டது. தன்ம விசேட விபரீத சாதனம் என்று நீளமான பெயர் வைத்தது இதற்குத்தான்.

நடுக்கூடம்

இது அநியாயம். சாங்கியர் வாயால் சொன்னது "பிறருக்காக" என்பது மட்டுமே. ஆன்மா, தொக்கு நில்லாமை எல்லாம் அவர் வாக்கியத்தில் இல்லை. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கவிழ்ப்பது எந்த ஊர் நியாயம்?

கூடத்துத்தூண்

நல்ல அடி. இதற்குப் பௌத்தரான தர்மகீர்த்தி நியாயபிந்துவில் நேராகவே பதில் சொல்கிறார். நிறுவ வேண்டியது எது என்றால், வாதி நிறுவ விரும்புவது எதுவோ அது. வாயால் சொல்லாவிட்டாலும் சரி. அதற்கு அவர் காட்டும் உதாரணமும் இந்தச் சாங்கிய வாதம்தான். காரணம் எளிது. சாங்கியர் "நான் பிறருக்காக என்று மட்டும்தான் சொன்னேன்" என்று பின்வாங்கினால், பௌத்தர் "சரி, எனக்கும் அதுதானே கருத்து, இந்திரியங்கள் உடம்புக்கு உதவுகின்றன, இதில் விவாதம் ஏது?" என்று எழுந்து போய்விடுவார். எதிராளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை நிறுவுவதில் பயன் இல்லை. ஆன்மா என்று சொன்னால் விருத்தம், சொல்லாவிட்டால் வீண். வேறு வழியில்லாமல் அடைக்கப்பட்டிருக்கிறது.

சொன்னதற்கும் விரும்பியதற்கும் வித்தியாசம் இல்லை என்று ஆன பிறகு இதைத் தனி விருத்தமாக எண்ண வேண்டியதில்லை, முந்தைய இரண்டு கட்டத்திலேயே அடங்கும் என்பதும் தர்மகீர்த்தியின் முடிவு. மணிமேகலை அந்த வழியில் போகவில்லை. நியாயப்பிரவேசம் என்ற பௌத்தத் தர்க்க நூலில் இருப்பது போல விருத்தத்தை நான்காகவே வைத்திருக்கிறது.

இரவுவாசி

இரவெல்லாம் யோசித்துவிட்டு எழுதுகிறேன், எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தெரிகிறது. மலையில் புகை, அதனால் நெருப்பு, அடுப்படி போல என்கிறோம். அடுப்படி நெருப்பு சோறு வேகவைக்கும் நெருப்பு. அப்படியானால் அதே புகை, மலையில் யாரோ சோறு வடிக்கிறார்கள் என்றும் நிறுவுமா? உதாரணத்தில் இருக்கும் எல்லாவற்றையும் இழுத்துவந்து கட்டினால் உலகத்தில் ஒரு அனுமானமும் தேறாது.

நடுக்கூடம்

சபாஷ்! சாங்கிய காரிகைக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிஸ்ரர் சொல்வதும் இதையே. உதாரணத்தில் கண்ட குணத்தையெல்லாம் பின்தொடர்ந்தால் அனுமானம் என்ற அளவையே ஒழிந்துவிடும் என்பார். அதோடு இன்னொன்றும் சொல்வார். அந்தப் பிறர் தொக்கு நிற்பவர் என்றால், தொக்கு நிற்பதால் அவரும் வேறொருவருக்காக இருக்க வேண்டும். அவரும் தொக்கு நிற்பவர் என்றால் அவருக்கு இன்னொருவர். முடிவே கிடையாது. எங்கோ ஓரிடத்தில் தொக்கு நில்லாத ஒருவரில் போய் நின்றாக வேண்டும். அவர்தான் புருடன்.

கூடத்துத்தூண்

இரவுவாசிக்கு முதலில். அடுப்படி ஒரே உதாரணம் இல்லை. செங்கல் சூளையில் புகை உண்டு, அங்கே சோறு வேகவில்லை. காட்டுத்தீயில் புகை உண்டு. ஆக, புகை உள்ள இடங்களில் சமையல் சிலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அதனால் புகை சமையலை இழுத்துவராது. ஆனால் தொக்கு நின்று பிறருக்கு உதவும் பொருள்களில், தொக்கு நில்லாத ஒருவருக்கு உதவும் பொருள் ஒன்றையாவது காட்டுங்கள். கட்டிலுக்கு அப்பால் எவ்வளவு தேடினாலும் உடம்புதான் வருகிறது. இழுத்துவருவது எது, உதாரணத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது எது என்பதை ஒரு உதாரணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லா உதாரணத்தையும் பார்த்தால்தான் தெரியும்.

வாசஸ்பதியின் இரண்டாவது பதில் கனமானது. ஆனால் அது புது வாதம். முடிவில்லாமல் போகக்கூடாது என்பதிலிருந்து ஆன்மாவைக் கொண்டுவருகிறார், தொக்கு நிற்றலிலிருந்து இல்லை. பழைய ஏது விருத்தம் என்ற குற்றச்சாட்டு அதனால் நீங்கியதா என்பது எனக்குச் சந்தேகம்.

நடுக்கூடம்

எனக்குச் சந்தேகமே இல்லை, நீங்கியது. தொக்கு நில்லாத ஒருவருக்கு உதவும் பொருளைக் காட்டு என்று கேட்பதே ஏமாற்று. கட்டில் உடம்புக்கு, உடம்பு ஆன்மாவுக்கு என்றால், கட்டிலும் கடைசியில் ஆன்மாவுக்குத்தான். உங்கள் சபக்கம் காலி என்று யார் சொன்னது?

கூடத்துத்தூண்

கட்டில் கடைசியில் ஆன்மாவுக்கு என்பதை பௌத்தர் ஒப்புக்கொண்டால் விவாதமே இல்லையே சார். உதாரணம் இருவரும் ஒப்புவதாக இருக்க வேண்டும் அல்லவா? நிறுவ வேண்டியதையே உதாரணத்துக்குள் வைத்துக் கட்ட முடியாது.

இரவுவாசி

அப்படியென்றால் பௌத்தரும் கட்டில் வெறும் உடம்போடு நின்றுவிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறாரே, அதைச் சாங்கியர் ஒப்பவில்லை. இருவரும் ஒப்புவது "உடம்புக்கும் உதவுகிறது" என்பது வரைதான். அதை வைத்து விருத்தம் என்று முடிக்க முடியுமா, இல்லை சாங்கியர் வாதம் நிறுவப்படவில்லை என்பதோடு நிற்க வேண்டுமா?

தேன்கூடு

இரவுவாசி கேட்டது எனக்கும் உறைக்கிறது. பத்திரத்தில் கடலோரம் செய்ததையே இவர் கட்டிலில் செய்யப் பார்க்கிறார். கூடத்துத்தூண் ஐயா, இதற்குப் பதில் எழுதும்போது மீதி இரண்டு விருத்தங்களையும் கொஞ்சம் தொட முடியுமா? உண்மைத்தன்மை என்பது திரவியமும் இல்லை, குணமும் இல்லை, கருமமும் இல்லை என்ற வைசேடிக வாதம் அங்கே வருகிறது. அதை நான்கைந்து முறை படித்தும் தலை கால் புரியவில்லை.

கூடத்துத்தூண்

அதற்குத் தனி இழை போடுங்கள், அதன் நீளம் வேறு. இரவுவாசி கேட்டதற்கு என் பதில்: சாங்கியர் "உடம்புக்கும்" என்பதில் இருக்கும் அந்த "உம்"மைக் காப்பாற்ற ஒரு பொருளையாவது ஆன்மா வரை நடத்திக் காட்ட வேண்டும். அதுவரை பார்த்த இடத்திலெல்லாம் உதவி பெறுபவர் தொக்கு நிற்பவர்தான். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்றால் அநைகாந்திகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சாங்கியர் அதற்கும் சந்தோஷப்படமாட்டார்.

பழைய_பத்திரம்

கிராமப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அதே பெயரில் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஊர் இருக்கிறதாம். திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகம் போகிறேன்.